லீவில் வந்து தாலி கட்டியவர்களின் கேள்விகள்: காதலின் முக்கோணம்

வேலூர், கணியம்பாடி, குடியாத்தம் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருக்கும் ஊர்கள் உண்டு. கம்மவான்பேட்டையைச் சொன்னாலே போதும். தம்பதிகளோடு பேசும் வேலையில் இருப்பதால் என்னிடம் வரும் கேள்விகளில் பாதி, லீவில் முடிந்த கல்யாணங்களைப் பற்றியவை. அவற்றுக்கு முக்கோணக் கோட்பாடு நன்றாகப் பொருந்துகிறது. எங்கே பொருந்தவில்லை என்பதும் இதிலேயே வரும்.

காதல் முக்கோணம்னு சொல்றாங்களே, ஒரு பையன் ரெண்டு பொண்ணு கதையா?

இல்லை. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க் 1986-ல் முன்வைத்த கோட்பாடு இது. காதல் என்று நாம் ஒரே சொல்லில் அடக்குவதை அவர் மூன்றாகப் பிரித்தார். முதலாவது நெருக்கம்: மனம் விட்டுப் பேச முடிவது, ஆபத்துக்கு இவர் வருவார் என்ற நம்பிக்கை, அவருடைய நலனில் அக்கறை. இரண்டாவது வேட்கை: உடல் ஈர்ப்பு, பார்க்கத் துடிப்பது, சதா அவர் நினைப்பு. மூன்றாவது உறுதி: இவர்தான் என் துணை என்று முடிவெடுப்பதும், அந்த முடிவை நாளைக்கும் காப்பாற்றுவதும். நெருக்கத்தை இதமான சூடு என்றும் வேட்கையைக் கொதிப்பு என்றும் உறுதியைக் குளிர்ச்சி என்றும் அவர் வர்ணித்தார்.

ஒவ்வொன்றும் முக்கோணத்தின் ஒரு முனை. மூன்றும் வளர்ந்தால் முக்கோணம் பெரிதாகும். ஒன்று மட்டும் வளர்ந்தால் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். இது விளக்குவதற்கான உருவகம்தான். ஸ்கேல் வைத்துப் பரப்பளவு கணக்குப் போட வேண்டியதில்லை.

எட்டு வகை காதல்னு படிச்சேன். அதெல்லாம் என்ன?

மூன்றில் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்தால் எட்டு சேர்க்கை வரும். அதற்கு மேல் அதில் ரகசியம் இல்லை. எதுவுமே இல்லாவிட்டால் வெறும் அறிமுகம். நெருக்கம் மட்டும் என்றால் நட்பு, வேட்கை மட்டும் என்றால் மோகம், உறுதி மட்டும் என்றால் வெறுமைக் காதல். நெருக்கமும் வேட்கையும் சேர்ந்தால் கல்லூரிக் காலத்தில் பலருக்கு வரும் காதல். நெருக்கமும் உறுதியும் சேர்ந்தால் துணைமைக் காதல், வயதான பல தம்பதிகளிடம் பார்ப்பது. வேட்கையும் உறுதியும் இருந்து நெருக்கம் இல்லாவிட்டால் அவர் அதை அசட்டுக் காதல் என்றார். மூன்றும் இருந்தால் முழுமைக் காதல்.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் எல்லோரும் தங்களுக்கு ஒரு சீட்டு ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறார்கள். வேண்டாம். ஸ்டெர்ன்பெர்க்கே இவற்றை எல்லைநிலைகள் என்றுதான் சொன்னார். நிஜ உறவுகள் பெரும்பாலும் இரண்டு வகைக்கு நடுவில் எங்கேயோ நிற்கும், வருஷத்துக்கு வருஷம் இடமும் மாறும்.

பெரியவங்க பார்த்து வச்ச கல்யாணம் எங்களது. அப்போ எங்களுக்குள்ள இருக்கறது வெறுமைக் காதல்தானா?

பேரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மேற்கு நாடுகளில் உறுதி மட்டும் மிஞ்சிய உறவு என்றால் அது பெரும்பாலும் ஒரு முடிவு: பேச்சும் நின்று, ஆசையும் அடங்கி, கல்யாணம் மட்டும் பாக்கி இருக்கும் நிலை. பெரியவர்கள் பார்த்து வைக்கும் சமூகங்களில் அதே நிலை ஒரு தொடக்கமாக இருக்கலாம் என்று ஸ்டெர்ன்பெர்க் 1986 கட்டுரையிலேயே குறிப்பிட்டிருக்கிறார். முதலில் முடிவு, மற்ற இரண்டும் பிறகு.

ஆனால் நம் பக்கத்து ராணுவக் கல்யாணத்தில் இன்னொரு முடிச்சு இருக்கிறது, என்னிடம் வருபவர்களுக்கு அதுதான் அதிகம் பொருந்துகிறது. பையன் லீவில் வருகிறான். முதல் வாரம் பெண் பார்க்கிறார்கள், அடுத்த வாரம் நிச்சயம், லீவு முடிவதற்குள் தாலி. இரண்டு மூன்று வாரம் சேர்ந்து இருக்கிறார்கள், பிறகு காட்பாடியில் ரயில் ஏறிவிடுகிறான். இதில் உறுதி முதல் நாளிலேயே முழுசாக வந்துவிடுகிறது. வேட்கையும் சீக்கிரம் வந்துவிடும். நெருக்கத்துக்குத்தான் நேரமே இல்லை.

மேலே சொன்ன கணக்குப்படி வேட்கையும் உறுதியும் இருந்து நெருக்கம் இல்லாதது அசட்டுக் காதல். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே யாரும் அசட்டுத்தனம் செய்யவில்லை, லீவு அவ்வளவுதான் கிடைத்தது. ஆனால் அந்த வகைக்கு ஸ்டெர்ன்பெர்க் சொன்ன காரணம் அப்படியே பொருந்துகிறது: வேட்கை உடனே பற்றிக்கொள்ளும், நெருக்கம் அப்படி வராது. அதனால் லீவுக் கல்யாணம் செய்தவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நெருக்கம் என்ற முனையை. ஆசை இருக்கிறதா, விசுவாசம் இருக்கிறதா என்று துருவுவது பெரும்பாலும் தப்பான இடத்தில் தேடுவது.

லீவுல வந்தா முதல் பத்து நாள் சொர்க்கம். அப்புறம் சின்னச் சின்னதுக்கெல்லாம் சண்டை. திரும்பிப் போனா அழுதுகினே இருக்கேன். இது என்ன பைத்தியமா?

பைத்தியம் இல்லை. வேட்கை நடக்கும் விதமே அதுதான். இதை விளக்க ஸ்டெர்ன்பெர்க், ரிச்சர்ட் சாலமன் என்ற உளவியலாளரின் எதிர்விசைக் கோட்பாட்டை எடுத்துக்கொண்டார். இன்பமான ஒன்று கிடைத்ததும் மனம் சட்டென்று உயரும். கூடவே அதை அடக்கும் எதிர்விசை ஒன்று மெல்லக் கிளம்பும். நாள் ஆக ஆக எதிர்விசை வலுக்கும், உயரம் குறையும், பழகிவிட்டது என்கிறோம். அந்த இன்பம் திடீரென்று நின்றுபோனால் உயர்த்தும் விசை உடனே போய்விடும், எதிர்விசை மட்டும் மிச்சம் இருக்கும். அதனால் மனம் பழைய சமநிலைக்கு வராமல் அதற்கும் கீழே இறங்கும். ரயில் போன பிறகு வரும் அழுகை இந்தச் சரிவுதான். சில நாள் கழித்து எதிர்விசையும் தேய்ந்து மனம் சமநிலைக்கு வரும்.

விட்டு விட்டுக் கிடைப்பது வேட்கையைத் தக்கவைக்கும் என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் சந்திக்கும் தம்பதிகளுக்கு ஏழெட்டு வருஷம் ஆன பிறகும் முதல் வாரம் புதுசாகவே இருப்பதன் காரணம் இது. அது வரம் மாதிரித் தெரியும். நெருக்கம் குறைவாக இருப்பதை அந்தப் புதுமை மூடி மறைத்துவிடும் என்பது அதன் மறுபக்கம். பத்து நாளில் சூடு தணிந்ததும் அடியில் இருந்த காலியிடம் தெரிகிறது, சண்டை அங்கிருந்து வருகிறது. டிவி ரிமோட்டோ, அவர் அக்கா வீட்டுக்கு எத்தனை நாள் போவது என்பதோ சாக்கு மட்டும்தான்.

ஆடி மாசம் அம்மா வீட்டுக்குப் போனப்போதான் அவரை எவ்வளவு தேடுதுன்னு தெரிஞ்சுது. கூட இருக்கும்போது ஒண்ணுமே தோணல. ஏன்?

புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்துப் போகும் வழக்கம், ஒரு உளவியல் சோதனையைத் தெரியாமலே செய்துவிடுகிறது. எலன் பெர்ஷெய்ட் என்ற ஆய்வாளரின் கருத்து இது: நெருங்கிய உறவில் உணர்ச்சி எழுவது, வழக்கமாக ஓடும் ஒன்று தடைபடும்போது. காலையில் நீங்கள் காபி வைக்கிறீர்கள், அவர் தண்ணீர் பிடிக்கிறார், இருவரின் நாளும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிவிட்டது. எல்லாம் தடையில்லாமல் ஓடும்போது உணர எதுவும் இருக்காது. பிரிவு வந்தால்தான் பின்னல் எவ்வளவு என்று தெரியும்.

இதை வைத்து ஸ்டெர்ன்பெர்க் நெருக்கத்தை இரண்டாகப் பார்த்தார்: வெளியே தெரிவது, உள்ளே மறைந்து கிடப்பது. நல்ல உறவில் வெளியே தெரிவது காலப்போக்கில் குறையும், உள்ளே இருப்பது ஏறிக்கொண்டே போகும். செத்துப்போன உறவிலும் வெளியே ஒன்றும் தெரியாது. கூட இருக்கும்வரை இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், பிரிந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

பிரிவிலும் எதைத் தேடுகிறீர்கள் என்று கவனியுங்கள். அவர் உடலின் அருகாமையை மட்டும் தேடினால் அது வேட்கையின் சரிவு, சில வாரத்தில் தணியும். “இதை அவரிடம் சொல்லணுமே” என்று ஒரு நாளில் பலமுறை தோன்றினால் அது நெருக்கம்.

இதை மார்க் போட்டு அளக்க முடியுமா?

முடியும். ஸ்டெர்ன்பெர்க் உருவாக்கிய அளவுகோலில் 45 வாக்கியங்கள், ஒரு முனைக்கு 15. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண். 1 என்றால் கொஞ்சமும் இல்லை, 5 என்றால் ஓரளவு, 9 என்றால் முழுக்க முழுக்க. தேவை என்றால் இவரை நம்பலாம் என்ற மாதிரி வாக்கியங்கள் நெருக்கத்துக்கு. பார்த்தாலே மனம் துள்ளுகிறது என்ற மாதிரி வேட்கைக்கு. கஷ்டம் வந்தாலும் இந்த உறவில் நிற்பேன் என்ற மாதிரி உறுதிக்கு. பதினைந்தையும் கூட்டி 15-ஆல் வகுத்தால் சராசரி வரும்.

எங்கள் பேச்சுகளில் நான் இதை நான்கு தடவை போடச் சொல்வேன்: இப்போது எனக்கு இருப்பது, எனக்கு இருக்க வேண்டும் என்று நினைப்பது, அவருக்கு என்மேல் இருப்பதாக நான் நினைப்பது, அவருக்கு என்மேல் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது. கொஞ்சம் அலுப்பான வேலைதான்.

ஒரு ஜோடியை வைத்துப் பார்க்கலாம். இது நான் கட்டிய உதாரணம், எந்த ஒரு குடும்பத்தின் கதையும் இல்லை. கணவர் ஹவில்தார், வடக்கே வேலை. மனைவி கணியம்பாடி பக்கம் மாமனார் வீட்டில். கல்யாணமாகி நான்கு வருஷம், ஒரு குழந்தை. “அவருக்கு என்மேல ஆசை குறைஞ்சிடுச்சு” என்பது அவள் புகார். “எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்பது அவர் பதில்.

மனைவியின் இப்போதைய நிலை: நெருக்கம் 4, வேட்கை 7, உறுதி 8. புகார் வேட்கையைப் பற்றி, குறைந்திருப்பதோ நெருக்கம். கணவருக்கு: நெருக்கம் 6, வேட்கை 7, உறுதி 9. அவர் இருக்க வேண்டும் என்று நினைக்கும் நெருக்கமும் 6-தான். அதனால் அவர் கணக்கில் உண்மையிலேயே எல்லாம் சரி. அவர் பொய் சொல்லவில்லை.

அடுத்த தாள்தான் முக்கியம். கணவருக்குத் தன்மேல் இருப்பதாக மனைவி நினைக்கும் நெருக்கம் 3, இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது 8. இடைவெளி 5. ஆனால் அவர் தாளில் இருப்பது 6. அதாவது இடைவெளியில் பாதிக்கு மேல், அவருக்குள் இருந்தும் அவள் கைக்கு வந்து சேராதது. 1985-ல் ஸ்டெர்ன்பெர்க்கும் மைக்கேல் பார்ன்ஸும் சில மாணவ ஜோடிகளிடம் செய்த சிறிய ஆய்வு காட்டியதும் இந்தத் திசையில்தான்: துணை உண்மையில் என்ன உணர்கிறார் என்பதைவிட, அவர் என்ன உணர்கிறார் என்று நாம் நினைப்பதற்கும் நாம் விரும்புவதற்கும் நடுவில் உள்ள தூரமே திருப்தியோடு அதிகம் சம்பந்தப்படுகிறது.

உள்ளுக்குள்ள அன்பு இருந்தா போதாதா? வெளியே காட்டினாத்தானா?

போதாது என்பதைத்தான் அந்த ஜோடியின் தாள் காட்டுகிறது. ஸ்டெர்ன்பெர்க் உணர்வின் முக்கோணத்தோடு செயலின் முக்கோணத்தையும் வைத்தார். ஒவ்வொரு முனைக்கும் தனித்தனிச் செயல்கள் உண்டு, ஒன்றின் செயலால் இன்னொன்றை நிரப்ப முடியாது.

நம் ஹவில்தார் என்ன செய்கிறார்? கல்யாணம் ஆனதும் ராணுவப் பதிவான பார்ட் டூ ஆர்டரில் மனைவி பெயரை ஏற்றினார், நாமினி மாற்றினார், கேன்டீன் கார்டு எடுத்துக் கொடுத்தார், சம்பளத்தை மாதம் தவறாமல் அனுப்புகிறார். எல்லாமே உறுதியின் செயல்கள். லீவில் வந்தால் புடவை, ஸ்ரீபுரம், ஆம்பூர் பிரியாணி. அது வேட்கைப் பக்கம். ஆனால் பணம் போவது அப்பாவின் கணக்குக்கு, மனைவி செலவுக்குக் கேட்டு வாங்குகிறாள். போன் பேசினால் “சாப்டியா, பாப்பா தூங்கிடுச்சா, அம்மா கிட்ட குடு.” தன் யூனிட்டில் என்ன நடந்தது, எதற்கு மனசு கஷ்டப்பட்டது, எதற்குப் பயந்தார் என்று ஒரு வார்த்தை கிடையாது. அவளைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைக்கிறார். வேலை ரகசியங்களைச் சொல்லவும் முடியாது, அது நியாயம். ஆனால் மெஸ் சாப்பாடும் குளிரும் பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டையும் ரகசியம் இல்லையே.

பொருளையும் தன்னையும் பகிர்வது, ஆதரவு கொடுப்பதும் கேட்டு வாங்குவதும், அந்தரங்கமாகப் பேசுவது: நெருக்கத்தின் கூறுகளாக ஸ்டெர்ன்பெர்க் எடுத்துச் சொன்னவற்றில் இவை வரும். இந்த வீட்டில் நான் முதலில் மாற்றச் சொல்வது இரண்டு: வீட்டுச் செலவுப் பணம் மனைவி கணக்குக்கு நேராக வரட்டும், போனில் பத்து நிமிஷம் அம்மாவுக்குக் கொடுக்காமல் அவளோடு மட்டும் பேசட்டும். பத்து நிமிஷத்தில் அவரும் ஒரு கஷ்டத்தைச் சொல்ல வேண்டும், விசாரணை மட்டும் கூடாது. இரண்டு மூன்று மாதம் கழித்து நெருக்கத்தின் 15 வாக்கியங்களை மட்டும் மறுபடி போட்டுப் பார்க்கலாம். அவள் தாளில் “அவருக்கு என்மேல்” என்ற எண் ஏறியிருந்தால் வழி சரி. எண் அசையாமல் அவர் மட்டும் “நான் எல்லாம் சொல்றேனே” என்றால், அவர் சொல்வது இன்னும் தகவலாகத்தான் போய்ச் சேர்கிறது.

லவ் மேரேஜ்ல இந்த முக்கோணம் பெருசா இருக்குமா, அரேஞ்ச்டு மேரேஜ்லயா?

1982-ல் வெளியான ஜெய்ப்பூர் ஆய்வு ஒன்றை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். குப்தாவும் சிங்கும் 50 தம்பதிகளிடம் செய்தது. காதல் மணத்தில் ஆரம்பத்தில் அதிகமாக இருந்த அன்பு வருஷம் ஆக ஆகக் குறைவாகவும், ஏற்பாட்டு மணத்தில் ஐந்து வருஷத்துக்குப் பிறகு அதைத் தாண்டியும் காணப்பட்டது. மாமியார்கள் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். ஆனால் அது ஒரே தம்பதியைப் பல வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு இல்லை. வெவ்வேறு கால அளவு ஆன தம்பதிகளை ஒரே சமயத்தில் பார்த்தது. பயன்படுத்திய அளவுகோலும் ஸ்டெர்ன்பெர்க்குடையது இல்லை. 2012-ல் அமெரிக்காவில் வாழும் இந்தியத் தம்பதிகளைப் பார்த்த இன்னொரு சிறிய ஆய்வில், காதலிலும் திருப்தியிலும் உறுதியிலும் இரண்டு வகைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. யார் பார்த்து வைத்தார்கள் என்பதை வைத்துப் பந்தயம் கட்ட நான் தயாராக இல்லை.

அவர் ரிட்டயர் ஆகி வந்துட்டார். இத்தனை வருஷம் எப்ப வருவார்னு காத்திருந்தேன். இப்போ வீட்டுல ஒரு விருந்தாளி இருக்கற மாதிரி இருக்கு.

இது எதிர்பார்க்கக்கூடியதுதான். பதினேழு பதினெட்டு வருஷ சர்வீஸ் முடித்து வருபவருக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. விட்டு விட்டுச் சந்தித்ததால் நின்ற வேட்கை, தினமும் கூடவே இருந்ததும் பழகிவிடும். உறுதிக்கு இனி சோதனை இல்லை. மிச்சம் எல்லாம் நெருக்கத்தின் தலையில் விழுகிறது. நீங்களோ அவர் இல்லாமல் ரேஷன் கடை, பள்ளிக்கூடம், கழனி எல்லாவற்றையும் நடத்தப் பழகிவிட்டீர்கள். உங்கள் நாளும் அவர் நாளும் இன்னும் பின்னிக்கொள்ளவே இல்லை. அதனால் அவர் வெளியே போனால் தேடாது, வந்தால் இடைஞ்சல்.

பெரியதாகப் பேசி மனம் திறப்பதைவிட, ஏதாவது ஒரு வேலையை இருவரும் இல்லாமல் நடக்காதபடி பிரித்துக்கொள்வது இங்கே உதவும். அவர் செக்யூரிட்டி வேலைக்கோ பேங்க் பரீட்சைக்கோ கிளம்பும் முன்பு அதை ஆரம்பித்துவிடுங்கள். அவருக்கென்று ஒரு நாள் உருவான பிறகு நுழைப்பது கஷ்டம்.

மூணும் தனித்தனின்னு சொல்றீங்க. எனக்கு மூணும் ஒண்ணாத்தான் ஏறுது, இறங்குது.

நல்ல கேள்வி, ஆய்வாளர்களும் கேட்டதுதான். அளவுகோலில் மூன்று முனைகளின் மதிப்பெண்களும் ஒன்றோடொன்று நெருக்கமாகவே நகர்கின்றன. ஒருவர் துணையோடு சந்தோஷமாக இருந்தால் 45 வாக்கியத்துக்கும் தாராளமாகப் போட்டுவிடுகிறார், கோபமாக இருந்தால் எல்லாவற்றையும் வெட்டுகிறார். சண்டை போட்ட அன்று இதை நிரப்பாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான். 25 நாடுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செய்து 2021-ல் வெளியான ஆய்வு, மூன்று முனை அமைப்பு வெவ்வேறு பண்பாடுகளிலும் தாங்குகிறது என்று கண்டது. ஆனாலும் ஒரு தம்பதிக்கு 6-க்கும் 7-க்கும் நடுவில் உள்ள வித்தியாசத்துக்கு நான் பொருள் சொல்ல மாட்டேன். 4-க்கும் 8-க்கும் என்றால் பேச விஷயம் இருக்கிறது.

பிள்ளைங்களுக்காக, ஊர் என்ன சொல்லுமோன்னு இருக்கேன். இதுவும் உறுதிதானே?

இந்த இடத்தில் கோட்பாடு கொஞ்சம் மொட்டையாக இருக்கிறது. ஸ்டெர்ன்பெர்க்கின் உறுதி என்பது இந்த மனிதரை நேசிக்கிறேன், இந்த நேசத்தைக் காப்பேன் என்று தானே எடுக்கும் முடிவு. மைக்கேல் ஜான்சன் என்ற சமூகவியலாளர் இதை இன்னும் தெளிவாகப் பிரித்தார்: இருக்க விரும்புவது, இருக்கக் கடமைப்பட்டிருப்பது, போக வழியில்லாமல் இருப்பது. மூன்றும் வெளியிலிருந்து ஒரே மாதிரி, இருபது வருஷக் கல்யாணமாகத் தெரியும். நீங்கள் சொல்வதில் பிள்ளைகள் இரண்டாவது, ஊர் மூன்றாவது. உறுதிக்கான 15 வாக்கியங்களில் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடும்போது பக்கத்தில் யாருக்காக என்று ஒரு சொல் எழுதுங்கள். “அவருக்காக” என்று எத்தனை வருகிறது என்று பாருங்கள். ஒன்றுகூட வரவில்லை என்றால், உறுதிக்கு 8 வந்தாலும் அதை முக்கோணத்தில் சேர்க்காதீர்கள்.

அடி, மிரட்டல், பணத்தைப் பிடுங்குவது நடக்கும் வீட்டில் இந்தத் தாளையே எடுக்க வேண்டாம். அங்கே நெருக்கத்தை வளர்க்கச் சொல்வது, அடிபடுகிறவரை இன்னும் திறந்து காட்டச் சொல்வது ஆகிவிடும். பெண்களுக்கான உதவி எண் 181, எந்த நேரமும் கூப்பிடலாம்.